சுளுக்கு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அரூர் உடற்கல்வி ஆசிரியர்:
வணக்கம். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் கோல் கிக் அடிக்கக் காலைப் பின்னால் ஓங்கி வீசினான். முன்தொடையில் சுரீரென்றது, அப்படியே உட்கார்ந்துவிட்டான். வீட்டில் சுளுக்கு என்று அன்று மாலையே எண்ணெய் போட்டு அழுத்தி உருவியிருக்கிறார்கள். மறுநாள் தொடை வீங்கிக் கன்றிப்போயிருந்தது. மாணவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். 'சுளுக்கு' என்று எழுதினால் அடுத்தவனும் சுளுக்கு எடுப்பவரிடம்தான் போவான். வேறு சொல் சொல்லுங்கள்.

ஓசூர் மொழிபெயர்ப்பாளர்:
'நாற்றலைத் தசை இழுப்பு' என்று வைக்கலாம் சார். முன்தொடையில் உள்ள நாலு தசையும் சேர்ந்துதானே இழுபடுகிறது?

காவேரிப்பட்டணம் வாசகர்:
எனக்கும் ராத்திரியில் கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும். நீவிவிட்டால் சரியாகிவிடும். உருவுவது தப்பா?

தருமபுரி இயன்முறை மருத்துவர்:
ஐயா, உங்களுக்கு வருவது தசைப்பிடிப்பு. அதில் எதுவும் கிழியவில்லை, நீவலாம். பையனுக்குத் தசை இழைகள் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தி உருவினாலோ சூடு வைத்தாலோ கசிவு கூடும். ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, துணிப்பட்டை கட்டி, காலை உயர்த்தி வைத்தால் போதும்.

தம்பி சொன்ன 'நாற்றலை' சரிதான். ஆனால் பெரும்பாலும் கிழிவது நடுவில் ஓடும் ஒரு தசைதான். அந்த நாலில் அது மட்டுமே இடுப்பையும் முழங்காலையும் தாண்டிப் போகிறது. காலைப் பின்னால் ஓங்கும்போது இரண்டு பக்கமும் நீண்டு நிற்கும், அந்த நிலையிலேயே வெடுக்கென்று சுருங்க வேண்டியிருக்கிறது. 'இழுப்பு' வேண்டாம், ஊரில் அது வலிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் சொல்வது. 'முன்தொடைத் தசைக்கிழிவு' என்பேன்.

ஓசூர் மொழிபெயர்ப்பாளர்:
கிழிவு என்றால் ஆபரேஷன் என்று பெற்றோர் பயப்பட மாட்டார்களா அம்மா? எலும்பில் லேசாக விரிசல் விட்டால் 'கீறல்' என்கிறோமே. லேசானதைத் 'தசைக்கீறல்', பாதி போனதைக் 'கிழிவு', முழுதும் போனதை 'அறுவு' எனலாமா?

தருமபுரி இயன்முறை மருத்துவர்:
மூன்று படி நன்றாக இருக்கிறது. கீறல் என்றால் தோலில் பட்ட காயம் என்று நினைப்பார்களோ என்பதுதான் என் தயக்கம். தசையில் பள்ளம் தட்டுப்பட்டாலோ, முழங்காலை நீட்டவே முடியாவிட்டாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அரூர் உடற்கல்வி ஆசிரியர்:
எப்போது ஆடவிடலாம் அம்மா? பத்து நாளில் போட்டி.

தருமபுரி இயன்முறை மருத்துவர்:
நாள் கணக்குப் பார்க்காதீர்கள் சார். குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்குங்கள். நல்ல காலில் குதிகால் எவ்வளவு தூரம் புட்டத்தை நெருங்குகிறதோ, அடிபட்ட காலிலும் வலியில்லாமல் அவ்வளவு நெருங்க வேண்டும். பிறகு மெல்லோட்டம், நேர்க்கோட்டில் அரை வேகம், முக்கால் வேகம், முழு வேகம். எந்தப் படியில் வலித்தாலும் முந்தைய படிக்கே திரும்ப வேண்டும்.

பந்தில் முதலில் உள்பாதத்தால் குறுகிய பாஸ். ஓங்கி அடிக்கும் கோல் கிக் கடைசியில்தான். முழு வேகத்தில் ஓடுகிறானே என்று நேராக கோல் கிக் கொடுத்தால், மறுபடி அதே இடத்தில்தான் கிழியும். லேசானதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். உங்கள் பையனுக்கு இவ்வளவு கன்றியிருப்பதால் பத்து நாள் போதாது.

அரூர் உடற்கல்வி ஆசிரியர்:
சரி அம்மா, இந்தப் போட்டியில் அவனை இறக்கவில்லை. குறிப்பில் 'தசைக்கிழிவு' என்றே போடுகிறேன். லேசானதற்குக் கீறலா வேறா என்பதை மட்டும் மற்றவர்களும் சொல்லுங்கள்.