“அன் சன்ஸ்” கடையை மகள் பொறுப்பேற்கிறாள்: பெயரை வைத்திருப்பதா, மாற்றுவதா?

கேட்டவர்: வலைக்கடை மகள், திருகோணமலை

எங்கள் கடையில் மீன்பிடி வலை, கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு, படகு எஞ்சின் உதிரிப்பாகங்கள் என்பவற்றை விற்கிறோம். அப்பப்பா தொடங்கிய கடை என்பதால் அவருடைய பெயரோடு “அன் சன்ஸ்” என்று பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. அண்ணாவும் தம்பியும் கனடாவில் இருக்கிறார்கள். ஒன்பது வருடமாகக் கடையை நடத்துவது நான்தான். வியாபாரப் பெயர்ப் பதிவு அப்பாவின் தனிப் பெயரில் இருக்கிறது, நடைமுறைக் கணக்கும் அவ்வாறே. வரும் மாதங்களில் கடையை என் பெயருக்கு மாற்ற அப்பா சம்மதித்திருக்கிறார். அத்தோடு பெயரையும் மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன், ஏனெனில் நடத்தும் மகளைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு சொல்லும் இல்லை. அண்ணாவோ, “சன்ஸ்” என்பதை எடுத்தால் தங்களை எடுத்ததாகிவிடும் என்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாமா?

பதில் 1: கொட்டியாரன்

தங்கச்சி, பிரதேச செயலகத்தில் உங்கள் பெயரில் புதிய பதிவை எடுத்துவிடுங்கள். பதிவு கையில் வந்த பிறகு அந்தப் பெயர் உங்களுக்கே சொந்தம், அண்ணாவோ வேறு எவருமோ அதைப் பயன்படுத்த முடியாது. பழைய பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டினால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும்.

பதில் 2: ஓய்வுபெற்ற கணக்காளர்

கொட்டியாரன் சொன்னதில் முதற்பாதி சரி, பதிவைப் பிரதேச செயலகத்தில்தான் எடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் ஒரு பெயரின் பின்னால் நின்று வியாபாரம் செய்பவர் யார் என்பதை ஊருக்குக் காட்டுமேயன்றி, பெயரின் மீது தனியுரிமை எதையும் தராது. பெயரையோ சின்னத்தையோ காப்பாற்ற விரும்பினால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியாகப் பதிய வேண்டும். அது பத்து வருடத்துக்குச் செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்கலாம்.

மகளே, உரிமையாளரையும் பெயரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை. உங்கள் கடையில் அப்பா கொழும்பு மொத்த வியாபாரிகளுக்குப் பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்திருப்பார், படகுக்காரர் சிலர் கடையின் பெயருக்குக் காசோலை எழுதியிருப்பார்கள். பழைய கணக்கை மூடிப் புதிய பெயரில் கணக்குத் திறந்தால், வெளியே போன காசோலைகள் திரும்பும், உள்ளே வந்தவற்றை வைப்பிலிட முடியாது. எனவே முதலில் பழைய பெயரிலேயே உங்கள் பதிவை எடுத்து, உங்கள் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். அப்பாவின் கணக்கைக் குறைந்தது ஆறு மாதம் திறந்தே வைத்திருங்கள், அதற்குள் எழுதப்பட்ட காசோலைகள் எல்லாம் வந்து தீர்ந்துவிடும்.

இதைவிட முக்கியமானது கடன் புத்தகம். கடையில் கொடுத்த பொருளுக்கான கடனுக்கு, பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால், காலாவதிச் சட்டத்தின்படி அது நீதிமன்றத்தில் நிற்காது. பலர் இதை மூன்று வருடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கடையைக் கைமாற்றும் இந்த வேளையில் ஒவ்வொரு கடனாளியிடமும் “இத்தனை ரூபாய் தர வேண்டியிருக்கிறது, இனி அதை மகளிடம் செலுத்துவேன்” என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். கடன் அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்ததற்கும் அது சான்று, காலமும் புதிதாகத் தொடங்கும். பெயரை மாற்றிவிட்டுப் போய் நின்றால், “நான் அந்தக் கடைக்குத்தானே கடன்” என்று சொல்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

பதில் 3: சல்லிக்காரி

என் அனுபவத்தையும் சொல்கிறேன். என் கணவரின் குடும்பத் தையற்கடையை நாங்கள் பொறுப்பேற்றபோது பெயரையும் பலகையின் நிறத்தையும் ஒன்றாகவே மாற்றினோம். பழைய வாடிக்கையாளர்கள் கடை விற்கப்பட்டதாக நினைத்து, பள்ளிச் சீருடைக் காலத்தில் வேறிடம் போய்விட்டார்கள். மாமா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்த பிறகுதான் சிலர் திரும்பி வந்தார்கள். அப்பாவைச் சிறிது காலம் கடையில் வைத்திருங்கள், அக்கா.

பதில் 4: எண்கணித நண்பர்

பெயரின் எழுத்துக் கூட்டலைப் பார்த்தீர்களா? “சன்ஸ்” என்ற சொல்லை எடுத்தால் எண் ஐந்துக்கு வரும் என்றால் எடுத்துவிடலாம், எட்டுக்கு வந்தால் தொடவேண்டாம்.

வலைக்கடை மகள்

நண்பரே, நான் கேட்டது அதையல்ல. கணக்காளர் ஐயாவுக்கு மிக்க நன்றி. கடன் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், அறுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களில் இருபத்தெட்டுப் பேரின் கடைசிக் கொடுப்பனவு ஒரு வருடத்துக்கு முந்தியது. அப்பாவுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பழைய புத்தகம் போனபோதும் பலர் தாமாகவே வந்து கடனை ஒப்புக்கொண்டார்கள், இப்போது அவர்களிடம் போய்க் கையொப்பம் கேட்பது சந்தேகப்படுவதைப் போலிருக்கும் என்கிறார். நாளைக்குப் பெயர் மாறினால் அவர்கள் யாரை நம்புவார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பதில் 5: ஓய்வுபெற்ற கணக்காளர்

அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் பக்கத்தில் நிற்க நீங்கள் கேட்டால் அது சந்தேகமாகத் தோன்றாது, கைமாற்றும் சடங்காகத் தோன்றும்.

பெயருக்கு வருகிறேன். உங்கள் பலகையை வாசிப்பவர் யார் என்று பாருங்கள். உள்ளூர் மீனவர்களின் தொலைபேசியில் உங்கள் கடை எந்தப் பெயரில் பதிந்திருக்கிறது என்று பத்துப் பேரிடம் கேளுங்கள். பெரும்பாலும் “வலைக்கடை ஐயா” போன்ற ஒன்றாகத்தான் இருக்கும், “சன்ஸ்” அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஆனால் சோழகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து இக்கரையில் தங்கித் தொழில் செய்பவர்கள், ஒரு வருடம் கழித்து வரும்போது பலகையைப் பார்த்தே கடையைத் தேடுவார்கள். பெயரை மாற்றுவதானால் அவர்கள் இங்கிருக்கும் பருவத்திலேயே சொல்லிவிட்டு, வாடைக்காற்று வீசும் மாதங்களில் பலகையை மாற்றுங்கள். புதிய பலகையின் அடியில் பழைய பெயரை ஒரு முழுப் பருவத்துக்காவது எழுதி வையுங்கள்.

அப்பப்பாவின் பெயரை வைத்துக்கொண்டு “சன்ஸ்” என்பதை மட்டும் எடுத்துவிட்டால், ஊரில் உள்ளவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. சட்டப்படி அதை எடுக்கவேண்டிய கட்டாயமும் இல்லை, மகள் நடத்தும் கடைக்கு “சன்ஸ்” என்ற பெயர் இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் அண்ணாவின் மனக்குறையைப் பெயர்ப் பிரச்சினை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா உயிருடன் இருக்கும்போதே சரக்கு, கடன்கள், வாடகை உரிமை எல்லாவற்றையும் பட்டியலிட்டு எழுத்தில் உங்களுக்குக் கொடுக்காவிட்டால், அவர் காலத்துக்குப் பிறகு பொதுச் சட்டத்தின்படி பாதி அம்மாவுக்கும் மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகவும் போகும். வங்கியும் கணக்கை முடக்கிவிடும்.

பதில் 6: கொட்டியாரன்

தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் அல்லவா? அதில் கணக்கு வேறு.

பதில் 7: ஓய்வுபெற்ற கணக்காளர்

தேசவழமை எல்லாத் தமிழருக்கும் பொருந்தாது, யாழ்ப்பாணத்துப் பூர்வீகக் குடிகளுக்குரியது. மகளே, உங்கள் அப்பப்பா எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்து அது மாறலாம், அதைச் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டே உறுதிப்பத்திரம் எழுதுங்கள்.

வலைக்கடை மகள்

அப்பப்பா யாழ்ப்பாணத்தின் வடமராட்சியிலிருந்து வந்தவர், அம்மாவின் குடும்பம் மூதூர். சட்டத்தரணியிடம் வியாழக்கிழமைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். அப்பாவுடன் சனிக்கிழமை கடற்கரைக்குப் போய் ஒன்பது கையொப்பங்கள் வாங்கினோம், இருவர் மட்டும் “பிறகு பார்ப்போம்” என்றார்கள். ஐயா சொன்னபடி பத்துப் பேரிடம் தொலைபேசியைக் காட்டச் சொன்னேன், எட்டுப் பேர் “வலை ஐயா” என்றும், ஒருவர் “வலை அக்கா” என்றும், மற்றவர் அண்ணாவின் பெயரிலும் பதிந்திருந்தார்கள். பதிவை இப்போதைக்குப் பழைய பெயரிலேயே எடுக்கிறேன். பலகையைப் பற்றி அண்ணா மார்கழியில் ஊருக்கு வரும்போது பேசலாம் என்கிறார், அதுவரை எதுவும் செய்யவில்லை.