"ரீடச்" என்பதற்குத் தமிழ்: பழைய கார்ப் படங்களுக்கான விதிமுறை

மாலதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய கார் விற்கிறவர்கள் படம் ஏற்றும் செயலி ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்து இடிக்கிறது. படத்தைத் திருத்தும் திரையில் "ரீடச்" என்று ஒரு பொத்தான். விதிமுறைப் பக்கத்தில் "காரின் சேதங்களை ரீடச் செய்யக்கூடாது" என்று ஒரு வரி. முதலில் "பழுதுநீக்கம்" என்று போட்டேன். என் தம்பி படித்துவிட்டு, "பழுது நீக்கின கார்னா நல்லதுதானே, அதை ஏன் கூடாதுங்கிறாங்க?" என்று கேட்டான். அத்தோடு அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். வேறு சொல் தாருங்கள்.

அறவாழி எழுதியது:

அம்மா மாலதி, நல்ல கேள்வி. நம்மிடம் "மறு" இருக்கிறது. நிலவின் களங்கத்தைக் குறள் "மதிக்கண் மறு" என்கிறது. மாசுமறுவற்ற முகம் என்று இன்றும் சொல்கிறோம். கீறல், கறை, சொட்டை எல்லாவற்றையும் ஒரே அசையாய் அடக்கும் சொல் இது. "மறுநீக்கம்" என்று வையுங்கள். மறு, மாசு, மை, மால் என்று கருமை சார்ந்த சொற்கள் பல மகரத்தில் தொடங்குவதையும் கவனியுங்கள். இவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

கதிர் எழுதியது:

ஐயா, மறுபதிப்பு, மறுசுழற்சி, மறுதேர்வு என்று படித்து வளர்ந்தவன் கண்ணுக்கு "மறுநீக்கம்" என்றால் இன்னொரு தடவை நீக்குவது. பொத்தானில் அதைப் பார்த்தால், முதல் தடவை எப்போது நீக்கினோம் என்று யோசிப்பார்கள்.

விதிமுறையைப் பொறுத்தவரை எனக்குக் குழப்பமே இல்லை. காரிலிருந்து கழற்றக்கூடியதைப் படத்திலும் கழற்றலாம். தூசி, ஸ்டிக்கர் இரண்டும் போய்விடும், எனவே எடுக்கலாம். சொட்டையும் கீறலும் போகாது, எனவே கூடாது. முதலாவதற்கு "படத்துப்புரவு", இரண்டாவதற்கு "குறைமறைப்பு". முடிந்தது.

செல்வம் எழுதியது:

ஸ்டிக்கர் எடுப்பது பற்றிக் கேட்டிருப்பதால் சொல்கிறேன், நானே என் காரில் எடுத்திருக்கிறேன். ஹேர் டிரையரால் சூடு காட்டிவிட்டு ஓரத்தை நகத்தால் கிளப்பி, நேராக இழுக்காமல் பின்னோக்கி மடித்து மெதுவாக உரிக்க வேண்டும். மிச்சப் பசையை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். ஆனால் ஒன்று. என் காரின் பின்பக்கம் பல வருடம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் போன இடத்தில், அதே வடிவத்தில் அடர்சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. சுற்றிலும் வெயில் பட்டு வெளுத்துவிட்டது, ஸ்டிக்கருக்கு அடியில் பழைய நிறம் அப்படியே இருந்திருக்கிறது. பாலிஷ் போட்டேன், கொஞ்சம் மங்கியது, முழுக்கப் போகவில்லை.

மாலதி எழுதியது:

செல்வம் அண்ணா, நான் கேட்டது படத்திலிருந்து எடுப்பதைப் பற்றி. இருந்தாலும் நீங்கள் எழுதியது கதிர் சொன்னதை நேராகத் தொடுகிறது.

பர்வீன் எழுதியது:

ஆமாம், தொடுகிறது. படத்தில் ஸ்டிக்கரை எடுக்கும்போது, அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. பக்கத்திலுள்ள வெளுத்த பெயின்ட்டை நகலெடுத்து அங்கே நிரப்புகிறோம். அடியில் அடர்வட்டம் இருக்கலாம், துருவை மறைக்கவே அதை ஒட்டியிருக்கலாம். எனவே காரில் உரித்துவிட்டுப் படம் எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இந்த வேலையைத் தினமும் செய்கிறவள் என்பதால், சொல்லுக்கு முன்னால் கை என்ன செய்கிறது என்று எழுதுகிறேன். பறவை எச்சமோ கீறலோ, பக்கத்துப் பெயின்ட்டை எடுத்து மேலே ஒட்டினால் மறைந்துவிடும். எது எச்சம், எது கீறல் என்று கருவிக்குத் தெரியாது. சொட்டை அப்படியில்லை, அதற்குத் தனி நிறம் கிடையாது. காரின் பக்கவாட்டில் வானமும் தரையும் பிரதிபலித்து, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு ஓடும். கதவு சமமாக இருந்தால் அது சீராகப் போகும். சொட்டை விழுந்த இடத்தில் நெளியும்.

போன மாதம் ஓர் அடர்நீலக் கார், பின்கதவில் உள்ளங்கை அளவு சொட்டை. ஒட்டுப் போட்டுப் பார்த்தேன், கோடு நடுவில் அறுந்து நின்றது. சரிசெய்ய வேண்டுமென்றால் அந்தக் கோட்டை முனைக்கு முனை நானே வரைய வேண்டும். அப்படி வரைந்தால் அந்தக் காரில் இல்லாத ஒரு கதவை வரைகிறேன். செய்யவில்லை. சொட்டையைக் கிட்டத்தில் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

வாங்குகிறவர்களும் அந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். திருத்திய இடத்தில் அது அறுந்திருக்கும், அல்லது பக்கத்துக் கதவில் வருவதோடு பொருந்தாது. மெட்டாலிக் பெயின்ட்டில் பொடி மினுமினுப்பு ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று காணாமல் போயிருக்கும். வேறு கோணத்தில் எடுத்த படத்தில் திருத்த மறந்திருப்பார்கள், சொட்டை அப்படியே இருக்கும்.

செல்வம் எழுதியது:

அப்படியென்றால் பட்டறைச் சொல்லே இருக்கிறதே, "பட்டி பார்த்தல்". படத்துக்குப் பட்டி பார்க்கிறார்கள்.

பர்வீன் எழுதியது:

பட்டி பார்த்த கதவைக் கையால் தடவினாலும் சமமாகத்தான் இருக்கும். படத்தில் செய்ததைத் தடவ முடியாது. மாலதியின் தம்பி விழுந்த அதே குழியில் மறுபடி விழுவோம். நான் கேட்பது "ஒட்டு". கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிறோம், கருவி செய்வதும் அதுதான். நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் சொல்வதில்லை, பொத்தானுக்கு அது போதும்.

அறவாழி எழுதியது:

ஸ்டிக்கருக்கு நாம் "ஒட்டி" என்று வைத்திருக்கிறோம். "ஒட்டியை ஒட்டு கொண்டு நீக்குக" என்று எழுதுவீர்களா? "பூசிமெழுகல்" கூட இதைவிட மேல்.

கதிர் எழுதியது:

பூசிமெழுகுவது வாயால் செய்வது ஐயா. விதிமுறையில் அதைப் போட்டால், கேட்ட கேள்விக்கு மழுப்பக்கூடாது என்று படிப்பார்கள். ஸ்டிக்கர் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், "துப்புரவு" பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். காரைக் கழுவிவிட்டு ஈரத்தோடே படம் எடுக்கிறார்கள். மெல்லிய கீறலில் தண்ணீர் நிறைந்து, அது தெரியவே தெரியாது. படத்தில் கை வைக்கவே இல்லை. அது "குறைமறைப்பு"தானா?

பர்வீன் எழுதியது:

என்னைக் கேட்டால் ஆமாம். ஆனால் ரீடச் பற்றிய விதி அதைப் பிடிக்காது. சொட்டை தெரியாத பக்கமாகத் திருப்பி நிறுத்தி எடுப்பதையும் பிடிக்காது.

மாலதி எழுதியது:

இன்று வியாழன் இரவு, முடிவு செய்துவிட்டேன். பொத்தானில் "ஒட்டுத் திருத்தம்". விதிமுறையில் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று இப்படி எழுதினேன்: "காரில் உள்ள சொட்டை, கீறல், துரு ஆகியவற்றைப் படத்தில் மறைக்கக்கூடாது. ஸ்டிக்கர் வேண்டாமென்றால் காரிலிருந்து அகற்றிய பின் படம் எடுக்கவும். தூசியையும் படமெடுப்பவரின் நிழலையும் நீக்கலாம்." தம்பியிடம் படித்துக் காட்டினேன், மறு கேள்வி கேட்கவில்லை. ஈரக் காருக்கு மூலத்திலேயே வரி இல்லை, நானாகச் சேர்க்க முடியாது. அவர்களுக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன்.

அறவாழி எழுதியது:

தெளிவாக இருக்கிறது அம்மா, குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் விளக்கம் எழுதிவிட்டதால் கலைச்சொல் தேவையில்லை என்று ஆகாது. நாளை வேறொருவர் வீட்டுப் படத்தில் சுவர் விரிசலை மறைப்பதைப் பற்றி மொழிபெயர்ப்பார், அவர் கையில் ஒரு சொல் இருக்காது. சொற்பட்டியலில் "மறுநீக்கம்" என்பதையும் என் பரிந்துரையாகச் சேர்த்துவையுங்கள். "மறு" பற்றிய மடல் நாளை வரும்.