திரும்பி உட்கார்ந்திருப்பவரின் சட்டையில் கட்டம்: இடுப்பு மடிப்பில் உதவி வேண்டும்

போட்டோஷாப்பில் ஒரு படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, முக்கால்வாசி முதுகைக் காட்டித் திரும்பியிருக்கிறார் ஒருவர். அவருடைய வெள்ளைச் சட்டையைக் கட்டம் போட்டதாக மாற்ற வேண்டும். பட்டன் பட்டியும் பாக்கெட்டும் மறைந்திருப்பதால் அந்த வேலை மிச்சம். காலரின் பின்பக்கமும் தோள்பட்டைத் தையலும் சரியாக வந்தாலே போதும், வந்துவிட்டது.

சிக்கல் இடுப்பில். அங்கே துணி அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கவைத்து, அதைக் கொண்டு டிஸ்ப்ளேஸ் ஃபில்டர் போட்டேன். முதுகில் கட்டங்கள் அழகாக வளைகின்றன. இடுப்பிலோ கோடு நெளிகிறதே தவிர, மடிப்புக்குள் போய் மறையவில்லை. நிஜத் துணியில் ஒன்றிரண்டு கட்டம் உள்ளே காணாமல் போய், அடுத்த அடுக்கில் வேறு கோடு தொடங்கும். இந்த ஃபில்டர் புள்ளிகளை நகர்த்துமே ஒழிய, ஒன்றின் பின்னால் இன்னொன்றை ஒளிக்காது. அளவைக் கூட்டினால் கோடு கிழிந்த மாதிரி ஆகிறது.

அதனால் ஒவ்வொரு அடுக்கையும் தனி லேயராக வெட்டி, கட்டத்தைச் சற்றுத் தள்ளி, சாய்த்து வார்ப் செய்து, மேலே பழைய சட்டையின் நிழலை மல்டிப்ளையில் போடலாம் என்றிருக்கிறேன். இப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு தள்ளுவது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? அப்புறம், முழங்கை மடிப்புக்கும் இதே வழிதானா, டிஸ்ப்ளேஸே போதுமா?