பறை காய்ச்ச இடம் எங்கே?

வைகைக்கரை: மேடையில் பறை அடிப்பவர்களே, தோலை எங்கே காய்ச்சுகிறீர்கள்? சாவு வீடோ கோயில் கொடையோ, ஊரில் தெருவோரம் வைக்கோலைக் கொளுத்தினால் வேலை முடிந்தது. சமீபத்தில் ஒரு கல்லூரி அரங்கில் தீப்பெட்டியை எடுத்ததுமே காவலாளி விரட்டிவிட்டார். மதிலுக்கு வெளியே காய்ச்சிக்கொண்டு வந்தோம். சிறப்பு விருந்தினர் பேசி முடிப்பதற்குள் தோல் தொய்ந்து, சத்தம் தொப்பென்று விழுந்தது.

பழைய கை: மழைக்கால ஈரத்தில் அப்படித்தான் ஆகும். தழலில் பிடிக்காமல் அனலில் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். இடையிடையே விரலால் தட்டினால், மந்தமான சத்தம் மெல்ல ஏறி கணீரென்று வரும். அதோடு எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் தோல் கிழியும், இல்லாவிட்டால் வேப்பங்கட்டையிலிருந்து புளியங்கொட்டைப் பசை விட்டுக்கொள்ளும். பேச்சாளர் பட்டியல் நீளமாக இருந்தால் ஒருவரை வெளியிலேயே நிறுத்தி, கடைசிப் பேச்சின்போது காய்ச்சச் சொல்லுங்கள்.

கடற்காற்று: 2017 சனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்திருந்தபோது ராத்திரியெல்லாம் செய்தித்தாளைக் கொளுத்தித்தான் அடித்தோம். இப்போது என்னிடம் ஃபைபர் பறை. தீயும் வேண்டாம், மழைக்கும் பயமில்லை. தோல் பறையின் காலம் முடிந்தது. சாவுக்கு அடித்ததும் பழைய கதை, இன்று எல்லாருமே அடிக்கிறார்கள்.

பழைய கை: ஊர்வலத்துக்கு ஃபைபர் சரி. மேடையில் மைக் வைத்தால் சிண்டுக்குச்சியின் கீச்சுதான் முன்னால் நிற்கும், அடிக்குச்சியின் கனம் கேட்காது.

சித்திரை: நவம்பரில் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அடிப்பீர்களா? என்ன வாங்குவீர்கள்?

தெற்குத்தெரு: கடற்காற்று, யாருக்குப் பழைய கதை? என் தாத்தா சாவுக்கு அடிக்கப் போனால் கூலியைக் கையில் தர மாட்டார்கள், விரித்த துண்டில் போடுவார்கள். அப்பா இனி வர மாட்டேன் என்று சொன்ன வருடம் எங்களுக்கு ஊரில் வயல் வேலை இல்லை. இப்போது அதே ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறையோடு ஆடுகிறார்கள், பெற்றோர் வீடியோ எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சாவு விழுந்தால் ஆள் தேடி இன்றும் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறார்கள்.

வைகைக்கரை: மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் குழுவிலும் இந்தப் பேச்சு வந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையோடு மேடையேறியதைப் பார்த்துதான் நான் கற்றுக்கொள்ளப் போனேன். அதனால் மேடையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் சாவுக்கு அழைத்தால் போவதா என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேர் அதனாலேயே விலகிவிட்டார்கள்.

தெற்குத்தெரு: நான் போவேன். எங்கள் தெருச் சாவுக்கு மட்டும், கூலி இல்லாமல். வேறு தெரு என்றால் அவர்கள் வீட்டுப் பையன் ஒருவனும் கூட நின்று அடிக்கட்டும் என்பேன். இதுவரை எவனும் வரவில்லை.