வேலை கேட்டு எழுதும்போது "தெரிவிக்கவும்" என்று முடிக்கலாமா?

அச்சகக் கணக்கர், சிவகாசி
ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியான பிறகு எங்கள் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்கு ஆள் எடுப்போம். எழுபதைக் கடந்த எங்கள் முதலாளிக்கு ஒரு பையன் வாட்சப்பில் எழுதியிருந்தான். "மேன்மைமிகு முதலாளி அவர்களுக்குப் பணிவான வணக்கம்" என்று தொடங்கி, "சம்பள விவரத்தையும் வேலை நேரத்தையும் உடனே தெரிவிக்கவும்" என்று முடித்திருந்தான். உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசிச் சொல்லில் நின்று, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "கரண்டு ஆபீஸ் நோட்டீஸ்லதான் இப்படிப் போடுவான்" என்றார். பதில் அனுப்பவில்லை. பையன் மரியாதையை எண்ணித்தான் எழுதியிருக்கிறான் என்பதால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
"தெரிவிக்கவும்" என்பதில் இலக்கணப் பிழையே இல்லை. கடிதம் முழுவதும் "தாங்கள்" என்று எழுதியிருந்தால் இந்த வருத்தம் வந்திருக்காது.

பட்டறைக்காரர், கோவை
ஆசிரியர் ஐயா சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. பிழை இல்லைதான், ஆனால் "செலுத்தவும்", "வரிசையில் நிற்கவும்" என்பவை அறிவிப்புப் பலகையின் குரல், அதிகாரம் உள்ள இடத்திலிருந்து வருபவை. கேட்கிறவர் அப்படி எழுதினால், முன்னால் எத்தனை "தாங்கள்" போட்டாலும் கட்டளையாகவே ஒலிக்கும். எனது லேத் பட்டறைக்கு வரும் கடிதங்களில் முதல் வரியில் "தாங்கள்", மூன்றாம் வரியில் "உங்க கம்பெனி" என்று இருக்கும்; எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரி எது, சொந்த வரி எது என்பது அங்கேயே தெரிந்துவிடும். "நீங்கள்" என்று தொடங்கினால் கடைசிவரை அதையே வைத்துக்கொள்வது போதும். யாரும் கேட்கவில்லை என்றாலும், நானாக இருந்தால் அந்தப் பையனுக்கு இப்படி எழுதிக் கொடுத்திருப்பேன்:

"ஐயா, வணக்கம். உங்கள் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்கு ஆள் தேவை என்று அங்கே வேலை செய்யும் என் சித்தப்பா சொன்னார். இரண்டு வருடம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொன்னால் நேரில் வந்து பார்க்கிறேன், ஐயா."

யார் சொல்லி வருகிறோம் என்பது முன்னால் வர வேண்டும். பெரியவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். சம்பளத்தை நேரில் பேசிக்கொள்ளலாம். வேலையில் சேருவதற்கு முன்பே "முதலாளி" என்று அழைப்பதும் எனக்கு உறுத்துகிறது.

நெல்லைக்காரர்
சம்பளத்தைக் கேட்காமல் பஸ் ஏறி வா என்று சொல்வது பையனுக்கு நியாயமில்லை. "சம்பளம் எவ்வளவு என்று சொன்னால் உதவியாக இருக்கும், ஐயா" என்று கேட்டால் என்ன குறை? "முதலாளி" என்பதும் எங்கள் பக்கம் கடைக்காரரை யாரும் அழைக்கும் சொல்தான். "அண்ணாச்சி" என்பதில்தான் கவனம் வேண்டும்: எங்கள் ஊரில் அது மூத்தவருக்கான மரியாதை, சென்னையில் மளிகைக் கடைக்காரர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

தையல் யூனிட் உரிமையாளர், திருப்பூர்
நீங்கள் எல்லோரும் "ஐயா" என்றே பேசுகிறீர்கள். என் பெயரைப் பலகையில் பார்த்துவிட்டும் எனக்கு "சார்" என்று எழுதுகிறார்கள். "அம்மா" என்று எழுதினால் எனக்கு நிறைவு. பக்கத்து யூனிட் நடத்தும் என் தோழியோ அது தன்னை வயதானவளாக்குகிறது என்று "மேடம்" என்பதையே விரும்புகிறார். முன்பின் தெரியாத பிள்ளை இதை எப்படித் தெரிந்துகொள்ளும்?

அச்சகக் கணக்கர், சிவகாசி
பட்டறைக்காரர் எழுதியதைப் பையனுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். சம்பளம் பற்றிய வரியை நெல்லைக்காரர் சொன்னபடி சேர்த்தால் எங்கள் முதலாளி எப்படி எடுத்துக்கொள்வார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.