புதுப்பிப்பு: வேக்குவம் கிளீனர் கருகல் வாடை

போன வாரம் நான் இங்க கேட்டது: “வேக்குவம் கிளீனர் இழுக்க மாட்டேங்குது, பத்து நிமிஷத்துல கருகுற வாடை. மோட்டார் போச்சா?”

மோட்டார் போகலைங்க, இப்போதைக்கு. அம்மாபேட்டையில மோட்டார் காயில் கட்டுற அண்ணன்கிட்ட கொண்டு போனேன். ஹோஸைக் கழட்டிட்டு மெஷின் வாயில உள்ளங்கையை வெச்சார். அங்கயும் இழுவை குறைவு. மோட்டாருக்கு முன்னாடி இருக்குற பஞ்சு ஃபில்டரை எடுத்ததும் கையைக் கவ்விப் பிடிச்சுது. ஃபில்டர்ல தறிப் பஞ்சு கம்பளி மாதிரி அப்பியிருந்துச்சு. “இழுக்குற காத்துதான் மோட்டாரைக் குளிர வைக்குது. அது அடைச்சா, சத்தம் கீச்சுன்னு ஏறும், உள்ள சூடாகும்”னார். அந்தக் கீச்சுச் சத்தத்தை நான் நல்ல வேகம்னு நெனச்சிருந்தேன்!

ஃபில்டரை அலசி, நிழல்ல ஒரு நாள் முழுக்க உலர்த்திப் போட்டேன். அப்பவும் ஹோஸ் மாட்டினா இழுவை பாதிதான். கைப்பிடி கிட்ட, வளையுற இடத்துல விரல் நீளத்துக்குக் கிழிசல்; வளைச்சாதான் தெரியுது. அந்தத் துண்டை வெட்டிட்டு மறுபடி மாட்டியாச்சு.

அதுக்கு வந்த பதில்கள்ல, மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கும்னு சொன்னவர் பாதி சரி: தேய்ஞ்சிருக்கு, ஆனா இன்னும் ஓடுமாம். ஏற்காடு அக்கா சொன்ன பூஞ்சை வாடை வேறக்கா, இது காயில் மேல பூசுற வார்னிஷ் கருகுற வாடை. அரை மணி ஓட்டினா இன்னமும் லேசா வருது. காயில் சூடு பட்டதாலயா, பிரஷ்ஷாலயான்னு அண்ணனும் உறுதியாச் சொல்லலை.