புதுப்பிப்பு: தலைப்பை மாற்றினேன், பாதி ஸ்லைடு காலியானது

என் பழைய கேள்வி: "தோட்ட மேனேஜரிடம் பள்ளி வேன் கேட்டுப் பேசப் போறோம். ஸ்லைடு முழுக்க எழுத்து. எதை வெட்டுறது?"

நேற்று சுங்கை சிப்புட்டில் பேசி முடித்தோம். என் கேள்விக்கு இங்கே பதில் எழுதிய கோலாலம்பூர் அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது: "தலைப்புகளை மட்டும் வரிசையா படி, விஷயம் புரியணும்."

என் தலைப்புகள் 'வருகை', 'போக்குவரத்து', 'செலவு'. படித்தால் ஒன்றும் தெரியவில்லை. முதலாவதை 'மழை நாளில் லயத்துப் பிள்ளைகள் வருவதில்லை' என்று மாற்றினேன். உடனே கீழிருந்த ஏழு வரிகளில் அதற்குச் சான்றாக நிற்காத நான்கு கண்ணில் பட்டன. அவற்றைப் பேச்சுக் குறிப்புக்கு மாற்றினேன். 'லயத்தில் வசிக்கும் பிள்ளைகள் ஆறு கிலோமீட்டர் தூரம் நடந்து வர வேண்டியுள்ளது' என்பது 'பள்ளிக்கு 6 கிலோமீட்டர் நடை' ஆனது.

ஆசிரியர் ஒருவர் வரிக்கு ஆறு சொல்தான் என்றார். சுருக்கம் சரிதான். ஆனால் எண்ணிக்கைக்காக ஒரு வரியில் 'மழை நாளில்' என்பதை வெட்டியிருந்தேன். பிள்ளைகள் என்றுமே வராத மாதிரி அர்த்தம் மாறிவிட்டது. திரும்பச் சேர்த்தேன்.

 

அடுத்த முறை இப்படிப் பேசும்போது, கேட்கும் தொகையைத் தலைப்பிலேயே போடலாமா? அக்கா போடு என்கிறார், எனக்கு இன்னும் தயக்கம்.